ஸ்டாக் குறைகிறதா? சூப்பர் மார்க்கெட்டிலும் குடோனிலும் சரக்கு எங்கே போகிறது என்று அறிகுறி பார்த்துத் தேடும் வழி

மூன்று பில்லிங் கவுன்ட்டர், பின்னால் ஒரு குடோன், பத்துப் பதினைந்து வேலையாட்கள். இந்த அளவுள்ள கடைகளுக்கு ஸ்டாக் எடுத்துக் கொடுப்பதும், குறைந்த சரக்கு எங்கே போனது என்று தேடிக் கொடுப்பதும்தான் பல வருடமாக என் வேலை. எல்லாக் கடையிலிருந்தும் போன் வருவது ஒரே மாதிரிதான். "அண்ணே, ஸ்டாக்ல நாப்பதாயிரம் குறையுது. பசங்கள்ல யாரோ கை வைக்கிறான். வந்து யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க."

யார் என்று தேடுவதற்கு முன்னால் எங்கே என்று தேட வேண்டும். சரக்கு லாரியிலிருந்து குடோனுக்கு வருகிறது, குடோனிலிருந்து பேக்கிங் மேசைக்கோ ரேக்குக்கோ போகிறது, ரேக்கிலிருந்து கவுன்ட்டருக்கு வருகிறது, கவுன்ட்டரைத் தாண்டி வாசலுக்குப் போகிறது. எந்த இரண்டு இடத்துக்கு நடுவே குறைகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த இடத்தைக் காட்டிக் கொடுப்பவைதான் கீழே வரும் அறிகுறிகள். உங்கள் கடைக்கு எது பொருந்துகிறதோ அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாமல் பார்க்கக்கூடிய காரணம் முதலில் வரும், செலவு பிடிக்கும் காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையைத் தாண்டிப் போக வேண்டாம்.

## அறிகுறி 1: வருடக் கடைசியில் எண்ணும்போது மொத்தமாகப் பெரிய தொகை குறைகிறது

எந்தப் பொருளில் என்று சொல்ல முடியவில்லை, பரவலாகக் குறைகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது எண்ணிய முறையை.

கடை திறந்திருக்கும்போது எண்ணினீர்களா? ஒருவர் ரேக்கில் எண்ணி எழுதிக்கொண்டிருக்கும்போதே அதே ரேக்கிலிருந்து வாடிக்கையாளர் எடுத்துப் போகிறார். கம்ப்யூட்டரில் ஸ்டாக் எடுத்த நேரம் வேறு, கையால் எண்ணிய நேரம் வேறு. கடை மூடிய பிறகு, அன்றைய கடைசி பில்லும் போட்டு முடித்த பிறகு, கம்ப்யூட்டர் ஸ்டாக்கை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு எண்ணுங்கள். ஒரே இரவில் முடியாது என்றால் கடையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு இரவுக்கு ஒரு பகுதி எண்ணினால் போதும்.

பில் வந்து சரக்கு வராதது உண்டா? மாதக் கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டர் டார்கெட்டுக்காக பில்லை முன்னாலேயே போட்டு அனுப்புவது சாதாரணம். பர்சேஸ் என்ட்ரி ஆகியிருக்கும், சரக்கு இரண்டு நாள் கழித்து வரும். கடைசி ஐந்து நாள் பர்சேஸ் பில்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சரக்கு இறங்கியதா என்று பாருங்கள்.

எக்ஸ்பைரி, டேமேஜ் எங்கே கிடக்கிறது? உடைந்ததும் தேதி முடிந்ததும் குடோன் மூலையில் ஒரு அட்டைப்பெட்டியில் சேர்ந்துகொண்டே இருக்கும். அதை யாரும் எண்ணவும் மாட்டார்கள், கணக்கிலிருந்து கழிக்கவும் மாட்டார்கள். எண்ணுகிற அன்று அந்தப் பெட்டியையும் தனியாக எழுதுங்கள்.

இந்த மூன்றையும் சரிசெய்து மறுபடி எண்ணிய பிறகும் குறைகிறதென்றால்தான் அது உண்மையான குறைவு. அதைக் கணக்கில் கழிக்கும் முன் உங்கள் ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள். தொலைந்த, திருடுபோன, கழித்து எழுதிய சரக்குக்கு வாங்கும்போது எடுத்த ஜிஎஸ்டி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு சொல்கிறது. கடைக்காரர்கள் பலருக்கு இது நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிகிறது.

## அறிகுறி 2: ஒரு பொருள் மைனஸ், அதன் பக்கத்துப் பொருள் கூடுதல்

சோப்பில் சந்தன வாசனை 14 குறைகிறது, மல்லிகை வாசனை 13 கூடுகிறது. இது திருட்டு இல்லை, கவுன்ட்டரில் நடக்கிற பழக்கம். வாடிக்கையாளர் நான்கு சோப்பு வைக்கிறார், விலை எல்லாம் ஒன்றுதான். கேஷியர் ஒன்றை ஸ்கேன் செய்து அளவில் 4 என்று தட்டிவிடுகிறார். பணத்தில் ஒரு பைசா வித்தியாசம் வராது, ஸ்டாக் மட்டும் இடம் மாறும்.

பார்க்கும் வழி சுலபம். ஒரே பிராண்டு, ஒரே விலையில் இருக்கிற எல்லா வகையையும் கூட்டுங்கள். கூட்டல் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் சரக்கு கடையை விட்டுப் போகவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கூட்டம் நேரத்தில் அவர்கள் மறுபடி பழைய பழக்கத்துக்குப் போவார்கள். அதைக் குற்றமாகப் பார்க்காமல் கவுன்ட்டரில் இன்னொரு ஆள் நிறுத்த முடியுமா என்று பாருங்கள்.

கூட்டினால் பூஜ்யம் வராமல், எம்.ஆர்.பி. மாறிய பொருளில் மட்டும் குழப்பம் இருந்தால், பழைய விலையும் புதிய விலையும் ஒரே பார்கோடில் இருப்பது காரணமாக இருக்கும். ஸ்கேன் செய்யும்போது திரையில் விலை கேட்டு ஒரு பெட்டி வரும், கேஷியர் பார்க்காமல் முதல் வரியை அழுத்திவிடுவார். இதைச் சரிசெய்ய சாஃப்ட்வேர் ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். பேட்ச் வாரியாக ஸ்டாக் வைக்கும் அமைப்பை அவர்தான் போட்டுத் தர முடியும்.

## அறிகுறி 3: மூட்டையில் வந்து பாக்கெட்டாகப் போகிற பொருள் மாதாமாதம் குறைகிறது

பருப்பு, சர்க்கரை, ரவை, புளி, வெல்லம். லூஸாக வாங்கிக் கடையிலேயே பேக்கிங் செய்கிற எல்லாம் இதில் வரும். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அதிகமாகப் பழி விழுகிற இடம் இதுதான், பேக்கிங் மேசையில் உட்காருகிறவர்கள்தான் கடையிலேயே குறைந்த சம்பளக்காரர்கள்.

ஒரு கடையில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். ஒரு மாதத்தில் துவரம் பருப்பு ஆரம்ப ஸ்டாக் 84 கிலோ, வாங்கியது 50 கிலோ மூட்டை 12, ஆக 600 கிலோ. விற்றது அரைக் கிலோ பாக்கெட் 820, ஒரு கிலோ பாக்கெட் 180. அதாவது 410 கிலோவும் 180 கிலோவும் சேர்த்து 590 கிலோ. மீதி 94 கிலோ இருக்க வேண்டும், இருந்தது 78. பதினாறு கிலோ குறைவு. முதலாளி ஏற்கெனவே பேக்கிங் பையன் ஒருவனை மனதில் முடிவு செய்து வைத்திருந்தார். அவன் சாயங்காலம் துணிப்பையோடு வீட்டுக்குப் போகிறான் என்பதுதான் ஆதாரம்.

முதலில் பாக்கெட்டை எடை போடுங்கள். ரேக்கிலிருந்து கை போன போக்கில் அரைக் கிலோ பாக்கெட் 20 எடுத்து மொத்தமாகத் தராசில் வைத்தோம். 10.220 கிலோ காட்டியது. அதே அளவு காலிக் கவர் 20 எடை போட்டால் 60 கிராம். கழித்தால் 10.160 கிலோ. ஒரு பாக்கெட்டில் 508 கிராம் பருப்பு இருக்கிறது. ஒரு கிலோ பாக்கெட் 10 எடுத்து அதே மாதிரி கவரைக் கழித்துப் பார்த்தால் 10.090 கிலோ, பாக்கெட்டுக்கு 9 கிராம் கூடுதல். 820 பாக்கெட்டில் எட்டெட்டுக் கிராம் என்றால் 6.56 கிலோ. 180 பாக்கெட்டில் ஒன்பது கிராம் என்றால் 1.62 கிலோ. பாதிக்கும் கொஞ்சம் மேல், 8.18 கிலோ, இப்படி வாடிக்கையாளர் வீட்டுக்கு இலவசமாகப் போயிருக்கிறது.

ஏன் கூடுதலாகப் போடுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தலைக்கு நேர் மேலே மின்விசிறி ஓடுகிறது. காற்று பட்டுத் தராசின் எண் 495க்கும் 505க்கும் இடையே ஆடுகிறது. எண் நிற்கும்வரை காத்திருந்தால் ஒரு நாளில் பேக் செய்ய வேண்டியது முடியாது. குறைந்தால் திட்டு விழும், கூடினால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் கரண்டியில் இன்னொரு கொஞ்சம் போட்டுவிட்டு ஒட்டிவிடுகிறான். மேசையை மின்விசிறிக்குக் கீழிருந்து சுவர் ஓரமாக நகர்த்தினோம். அரைக் கிலோ பிடிக்கிற அளவு கப் ஒன்று வெட்டிக் கொடுத்தோம், கடைசி நாலைந்து கிராமுக்குச் சின்னக் கரண்டி. செலவு நூறு ரூபாய்க்குள்.

சராசரியைக் கீழே இறக்கி 495 கிராமில் நிறுத்தலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது வாடிக்கையாளரை ஏமாற்றுவது, எடை அளவுச் சட்டப்படி வழக்கும் வரும். குறி 500 முதல் 502 கிராமுக்குள் இருக்கட்டும்.

அடுத்தது சாக்கு. மூட்டை வந்தபோது குடோனில் எடை போடுகிறார்கள், 50 கிலோ சரியாக இருக்கிறது, பர்சேஸ் என்ட்ரியிலும் 50 போடுகிறார்கள். ஆனால் அது சாக்கோடு சேர்த்த எடை. அந்தக் கடையில் காலிச் சாக்கு பத்தை மடித்துத் தராசில் வைத்தோம், ஆறு கிலோ. ஒரு மூட்டைக்கு 600 கிராம், 12 மூட்டைக்கு 7.2 கிலோ. பருப்பு என்று நினைத்து வாங்கியதில் இவ்வளவு சணல்.

பாக்கெட்டில் போன 8.18, சாக்கில் போன 7.2. கூட்டினால் 15.38 கிலோ. மீதி 620 கிராம்தான் கணக்கில் வராதது. கல், தூசி, கீழே சிந்திப் பெருக்கியது என்று ஒரு மாதத்துக்கு அது போகும். அந்தப் பையனின் துணிப்பையில் சாப்பாட்டு டப்பாதான் இருந்தது. முதலாளி அவனிடம் நேரடியாக எதையும் கேட்டிருக்கவில்லை என்பதில் எனக்கு நிம்மதி.

மொத்த வியாபாரியிடம் இதைப் பேசலாம். சாக்குக் கழிவோடு பில் போடுபவர்கள் இருக்கிறார்கள். போட மாட்டேன் என்றால் பர்சேஸ் என்ட்ரியில் நிகர எடை 49.4 என்று போட்டு, கிலோ விலையை அதற்குத் தகுந்தபடி ஏற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விற்பனை விலையே தப்பாகத்தான் நிற்கும்.

இரண்டும் சரியாக இருந்தால் காய்வு. புளியும் வெல்லமும் வைக்க வைக்க எடை மாறும், வெங்காயம் சொல்லவே வேண்டாம். எவ்வளவு என்று யார் சொல்வதையும் நம்பாதீர்கள். உங்கள் குடோனின் வெக்கையும் ஈரமும் உங்களுக்குத்தான் தெரியும். ஒரு மூட்டையைப் பிரிக்காமல் தனியாக வைத்து, வாங்கிய அன்றும் ஏழாம் நாளும் பதினைந்தாம் நாளும் எடை எழுதுங்கள். மழைக்காலத்தில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை செய்தால் உங்கள் கடைக்கான கழிவு விகிதம் கையில் இருக்கும். அதற்கு மேல் குறைந்தால் மட்டும் தேடலாம்.

கடைசியில் தராசு. முத்திரை போட்ட 5 கிலோ எடைக்கல் ஒன்றைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் வையுங்கள். மூலைக்கு மூலை எண் மாறினால், அல்லது குடோன் தராசும் பேக்கிங் தராசும் ஒரே கல்லுக்கு வேறு வேறு எண் காட்டினால், அங்கே நிறுத்திவிடுங்கள். நீங்களாகத் திறந்து சரிசெய்யக் கூடாது. உரிமம் பெற்ற தராசு பழுதுபார்ப்பவரைத்தான் கூப்பிட வேண்டும், பழுது பார்த்த பிறகு மறுமுத்திரையும் வேண்டும். மின்னணுத் தராசுக்கு எப்படியும் வருடத்துக்கு ஒரு முறை முத்திரை போட்டாக வேண்டும். தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை.

## அறிகுறி 4: பெட்டிக் கணக்கு சரி, பீஸ் கணக்கு இல்லை

குடோனில் பிஸ்கட்டோ எண்ணெயோ பெட்டி பெட்டியாகச் சரியாக இருக்கிறது. ரேக்கையும் சேர்த்து பீஸாக எண்ணினால் குறைகிறது.

ஒரு பெட்டிக்கு எத்தனை பீஸ் என்று பெட்டியின் மேல் படித்துப் பாருங்கள். கம்பெனி பழைய 24 பீஸ் பெட்டியை 20 ஆக்கியிருக்கும், சாஃப்ட்வேரில் இன்னும் 24 என்றே இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் 4 பீஸ் கணக்கில் மட்டும் பிறக்கும். குறைவு சரியாக 4, 8, 12 என்று பெட்டி எண்ணிக்கையின் மடங்கில் வந்தால் அநேகமாக இதுதான்.

ஆஃபர் சரக்கு. பன்னிரண்டுக்கு ஒன்று இலவசம் என்று பில்லில் இருக்கும், என்ட்ரியில் 13 ஏறும், வண்டியிலிருந்து இறங்குவது 12. இலவசம் அடுத்த லோடில் வரும் என்று சேல்ஸ்மேன் வாயால் சொல்லியிருப்பார். வராத இலவசத்தை என்ட்ரி போடாதீர்கள், வந்த அன்று பூஜ்ய விலையில் ஏற்றுங்கள்.

திருப்பி அனுப்பிய சரக்கு. லைன் வண்டிக்காரர் எக்ஸ்பைரி சரக்கை ஒரு பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போகிறார். துண்டுச் சீட்டுகூட இல்லை. கிரெடிட் நோட் வரும்போது எவ்வளவுக்கு வந்தது, எவ்வளவு போனது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. எண் போட்ட, கார்பன் வைத்த ரிட்டர்ன் புத்தகம் ஒன்று வாங்குங்கள். அதில் எழுதி அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு பாக்கெட் கூடக் கடையை விட்டு இறங்கக் கூடாது. மாதம் ஒரு முறை கிரெடிட் நோட் வராத சீட்டுகளை மட்டும் எடுத்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போன் போடுங்கள். புத்தகத்தைப் போட்ட இரண்டு மூன்று மாதத்தில் அந்தப் பக்கத்துப் பணம் வர ஆரம்பிக்கும்.

அப்புறம், சரக்கு இறங்கும் நேரம். சாயங்காலம் ஏழு மணிக்கு, கடை நிரம்பியிருக்கும்போது வண்டி வருகிறது. லோடுமேனே எண்ணுகிறார், லோடுமேனே "சரிண்ணே" என்கிறார், கேஷியர் பில்லில் கையெழுத்துப் போடுகிறார். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் சரக்கு இறங்கும் என்று எல்லா டிஸ்ட்ரிபியூட்டருக்கும் சொல்லிவிடுங்கள். முதல் வாரம் முறைப்பார்கள், அப்புறம் பழகிவிடும். எண்ணுகிறவர் கையில் பில் இருக்கக் கூடாது. பில்லைப் பார்த்துக்கொண்டு எண்ணினால் பில்லில் இருக்கிற எண்தான் வரும். வெற்றுத் தாளில் எண்ணி எழுதிவிட்டு, அதைப் பில்லோடு இன்னொருவர் ஒத்துப் பார்க்க வேண்டும்.

பெட்டியின் டேப் இரண்டு அடுக்காக இருந்தால், அல்லது தூக்கும்போது லேசாக இருந்தால், அதே சரக்கின் நல்ல பெட்டி ஒன்றையும் இதையும் தராசில் வையுங்கள். எடை வித்தியாசம் தெரிந்தால் வண்டி நிற்கும்போதே திறந்து, ஓட்டுநர் முன்னால் எண்ணி, பில்லின் இரண்டு பிரதியிலும் எழுதி வாங்குங்கள். வண்டி கிளம்பிவிட்டால் அந்த பீஸைக் கேட்டு வாங்குவது கஷ்டம். ஒரே டிஸ்ட்ரிபியூட்டரிடம் இது மூன்றாவது தடவை நடந்தால் சேல்ஸ்மேனிடம் பேசிப் பயனில்லை, கம்பெனியின் ஏரியா மேனேஜருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

## அறிகுறி 5: சின்னதாக, விலை கூடியதாக இருப்பது மட்டும் குறைகிறது

பிளேடு, சாக்லேட், நெய், முந்திரி, சென்ட், குழந்தைப் பால் பவுடர். கடையில் மற்ற எல்லாம் சரியாக இருந்து இவை மட்டும் குறைந்தால் யாரோ எடுக்கிறார்கள். வாடிக்கையாளரா, வேலையாளா என்று ஊகிக்காமல், நேரத்தை வைத்துப் பிரிக்கலாம்.

அடிக்கடி குறைகிற பொருளில் 15 மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எடுத்தால் நாலாம் நாள் எண்ணுவதை நிறுத்திவிடுவீர்கள். கடை மூடும்போது எண்ணி எழுதுங்கள். காலையில் திறந்ததும், யாரும் ரேக் பக்கம் போகும் முன் மறுபடி எண்ணுங்கள். மதியம் ஒரு தடவை. இப்படி 14 நாள்.

இரவு எண்ணியதும் காலை எண்ணியதும் வேறுபட்டால் சாவி யாரிடம் இருக்கிறது, மூடிய பிறகு பெருக்குவது யார், அதிகாலையில் பால் பெட்டி இறக்க யார் கதவைத் திறக்கிறார்கள் என்ற மூன்று கேள்விதான். சாவியை இருவரிடம் பிரித்துக் கொடுங்கள். ஷட்டருக்கு ஒருவர், உள் கதவுக்கு ஒருவர்.

பகலில், பில் கணக்கை விட அதிகமாக ரேக்கில் குறைந்தால் வாடிக்கையாளர் பக்கம் பாருங்கள். காலி அட்டை கிடைக்கும் இடத்தைத் தேடுங்கள். அரிசிச் சிப்பம் அடுக்கியிருக்கும் வரிசைக்குப் பின்னால், கீழ் ரேக்குக்கு அடியில், பிளேடு உருவிய அட்டையையும் சாக்லேட் உறையையும் நான் எடுத்திருக்கிறேன். எங்கே உறை கிடக்கிறதோ அங்கேதான் கேமரா பார்க்காத மூலை இருக்கிறது. அந்தப் பொருளை அங்கிருந்து மாற்றிக் கேஷியர் கண்ணில் படும் இடத்துக்குக் கொண்டு வாருங்கள். ரேக்கில் மூன்று மட்டும் வையுங்கள், மீதி கவுன்ட்டருக்குப் பின்னால் இருக்கட்டும். இன்னும் இரண்டு கேமரா வாங்குவதைப் பற்றி இதற்குப் பிறகு யோசிக்கலாம்.

குடோனிலிருந்து எடுத்தது ரேக்குக்கு வரவில்லை என்றால் குப்பையைப் பாருங்கள். காலி அட்டைப்பெட்டி பின் வாசல் வழியாகத்தான் போகிறது. எல்லாப் பெட்டியையும் பிரித்துத் தட்டையாக்கிக் கட்டித்தான் வெளியே போட வேண்டும் என்று வைத்துவிடுங்கள். தட்டையான அட்டைக்குள் நெய் டப்பா ஒளியாது. வேலையாட்களின் பைகள் முன் வாசலில் ஒரு அலமாரியில் இருக்கட்டும், முதலாளி வீட்டு ஆட்களின் பையும் அங்கேயே. உடம்பைத் தடவிச் சோதிப்பது வேண்டாம்.

யாரையாவது கையும் களவுமாகப் பிடித்தால் அறையில் பூட்டி வைக்காதீர்கள், அடிக்காதீர்கள், படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். அந்த நிமிடத்திலிருந்து வழக்கு உங்கள் மேல் திரும்பும். பொருளை வாங்கிக்கொண்டு அனுப்புவதா, போலீசைக் கூப்பிடுவதா என்று இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். போலீசுக்குப் போவதென்றால் வீடியோவை அன்றே தனியாகப் பிரதி எடுத்து வையுங்கள். பதிவுப் பெட்டி சில நாளில் பழையதை அழித்து மேலே எழுதிவிடும்.

## அறிகுறி 6: கல்லாப் பணம் தினமும் சரியாக இருக்கிறது, சரக்கு மட்டும் குறைகிறது

இதைத்தான் முதலாளிகள் கடைசியில் நம்புகிறார்கள். பணம் சரியாக இருந்தால் கேஷியர் நல்லவர் என்று முடிவாகிவிடுகிறது. ஆனால் கல்லா ஒத்துப்போவது பில்லோடுதான். பில்லே இல்லாமல் போன சரக்குக்குக் கல்லாவில் குறைவு வராது.

முதலில் ரத்து பாஸ்வேர்டு. பில் ரத்து செய்ய, அயிட்டம் நீக்க, விலை குறைக்க உங்கள் பாஸ்வேர்டு வேண்டும் என்று சாஃப்ட்வேரில் போட்டிருப்பீர்கள். தீபாவளிக்கு முந்தின சாயங்காலம், நீங்கள் வெளியே இருந்தபோது, போனில் அதைச் சொல்லியிருப்பீர்கள். மறுநாள் மூன்று கவுன்ட்டருக்கும் அது தெரியும். இன்றைக்கே மாற்றுங்கள், மாதம் ஒரு முறை மாற்றுங்கள். செலவே இல்லாத வேலை இது.

ரத்து, ஹோல்ட், நீக்கம் ஆகிய மூன்று ரிப்போர்ட்டையும் கேஷியர் வாரியாக எடுங்கள். நடப்பது இப்படி. வாடிக்கையாளர் பொருளை வைக்கிறார், ஸ்கேன் ஆகிறது, திரையில் 640 ரூபாய் காட்டுகிறது. கேஷியர் பில்லை ஹோல்டில் போட்டுவிட்டு ரொக்கம் வாங்கி, மீதி கொடுத்து அனுப்பிவிடுகிறார். வாடிக்கையாளர் பில் கேட்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து ஹோல்ட் பில் அழிக்கப்படுகிறது. 640 ரூபாய் கல்லாவில் கூடுதலாக இருக்கிறது, இரவு எண்ணும் முன் எடுத்துக்கொண்டால் எல்லாம் சரியாக இருக்கும்.

ரத்து இருப்பதாலேயே தப்பு என்று நினைக்க வேண்டாம். குழந்தை எடுத்து வைத்த சாக்லேட்டை அம்மா திருப்பி வைப்பது தினமும் பத்துத் தடவை நடக்கும். பார்க்க வேண்டியது வித்தியாசத்தை. மூன்று கேஷியரில் ஒருவருக்கு மட்டும் பல மடங்கா, முழு பில்லும் அழிகிறதா, ரொக்க பில் மட்டுமா, நீங்கள் சாப்பிடப் போகிற நேரத்திலா. அப்படி இருக்கிற பத்து நேரத்தைக் குறித்துக்கொண்டு அந்த நிமிடங்களின் வீடியோவை மட்டும் பாருங்கள். கேமராவின் கடிகாரமும் பில்லிங் கம்ப்யூட்டரின் கடிகாரமும் ஒன்றாக இருக்கிறதா என்று அதற்கு முன்னால் சரிபாருங்கள். ஒரு கடையில் ஏழு நிமிட வித்தியாசம் இருந்தது. இரண்டு நாள் வேறு யாருடைய பில்லையோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்தது கியூஆர் அட்டை. கவுன்ட்டரில் ஒட்டியிருக்கும் ஒவ்வொன்றையும் உங்கள் போனில் ஸ்கேன் செய்து, என்ன பெயர் வருகிறது என்று படியுங்கள். கடைப் பெயர் வர வேண்டிய இடத்தில் வேறு பெயர் வந்தால், உள்ளே இருப்பவர் மாற்றியிருக்கலாம், வெளியாள் மேலே ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம். எப்படியானாலும் பணம் உங்களுக்கு வரவில்லை. தினமும் கவுன்ட்டர் வாரியாக யுபிஐ என்று போட்ட பில் தொகையையும் வங்கிக் கணக்கில் வந்த தொகையையும் ஒத்துப் பாருங்கள்.

கிழிந்து கிடக்கும் பில்கள். வாடிக்கையாளர் விட்டுச் சென்ற பில்லை வைத்துப் பொருள் திரும்பி வந்ததாகப் போட்டு ரொக்கம் எடுக்க முடியும். பொருள் வரவே இல்லை, ஆனால் கணக்கில் ஒரு பீஸ் கூடும், ரேக்கில் குறையும். ரிட்டர்ன் வாங்குவது ஒரே ஒரு கவுன்ட்டர், பொருளைக் கண்ணால் பார்த்து கையெழுத்துப் போடுவது இன்னொரு ஆள், வாடிக்கையாளர் போன் எண் கட்டாயம். வாரத்தில் இரண்டு பேருக்குப் போன் செய்து, "நீங்க மாத்திட்டுப் போன எண்ணெய் சரியா இருக்கா?" என்று கேளுங்கள். உண்மையான வாடிக்கையாளருக்கு அது சந்தோஷமாகத்தான் இருக்கும்.

ஸ்கேன் ஆகாமல் பையில் போவது. தெரிந்தவர் வந்தால் ஐந்து பொருளில் நான்கு மட்டும் ஸ்கேன் ஆகும். இதற்கு எந்த ரிப்போர்ட்டும் கிடையாது. வாசலில் ஒரு ஆள் பையையும் பில்லையும் பார்த்துச் சீல் போட்டால் கொஞ்சம் குறையும். பில்லில் உள்ள மொத்த எண்ணிக்கையை மட்டும் ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

ரிப்போர்ட்டும் வீடியோவும் ஒரே ஆளைக் காட்டினால், கூப்பிட்டுக் கத்தும் முன் ஆடிட்டரையும் வழக்கறிஞரையும் பாருங்கள். வேலையாள் முதலாளியின் பொருளைத் திருடுவதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் 306 என்று தனிப் பிரிவு இருக்கிறது. 2024 ஜூலைக்கு முன் நடந்தது என்றால் பழைய தண்டனைச் சட்டத்தின் 381. புகாரோடு கொடுக்க வேண்டியது ரத்து ரிப்போர்ட்டின் அச்சுப் பிரதி, அந்த நேரங்களின் வீடியோ, அந்தப் பொருட்களின் ஸ்டாக் வித்தியாசம் மூன்றும். ஆதாரம் ஒரு ஆளைக் காட்டாதபோது, குறைந்த தொகையை எல்லோருடைய சம்பளத்திலும் பங்கு போட்டுப் பிடிக்கிற வழக்கம் சில கடைகளில் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். ஒருவரின் பொறுப்பில் இருந்த பொருள் அவருடைய தவறால் போயிருந்தால்தான் பிடிக்கலாம், அதுவும் அவர் பதிலைக் கேட்ட பிறகுதான் என்பது சட்டம். அது ஒருபுறம் இருக்க, அப்படிப் பிடித்த கடைகளில் அடுத்த மாதம் நல்ல ஆட்கள்தான் முதலில் வேலையை விட்டுப் போயிருந்தார்கள்.

ஆதாரம் யாரையும் காட்டவில்லை என்றால் பாஸ்வேர்டை மாற்றி, கவுன்ட்டர் ஆட்களை இரண்டு வாரத்துக்கு இடம் மாற்றிப் போட்டு, அறிகுறி 5-ல் சொன்ன பதினைந்து பொருளை மறுபடி எண்ணத் தொடங்குங்கள். குறைவு ஆளோடு நகர்கிறதா, கவுன்ட்டரிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். கவுன்ட்டரிலேயே நின்றால் அந்த ஸ்கேனரையும் அந்தக் கம்ப்யூட்டரையும் சாஃப்ட்வேர் ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பீப் சத்தம் வந்தும் பில்லில் ஏறாத ஸ்கேனரை நான் இரண்டு கடையில் மாற்றியிருக்கிறேன்.